22 சதவீதம் 13 ஆன கதை

உடுமலையிலோ ராஜபாளையத்திலோ நூற்பாலை மேலாளர் ஒருவரின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தால், இந்த மாதிரி ஒரு செய்தி எப்படியும் கண்ணில் படும்: “உங்கள் பக்கத்து மில்லுக்கு 22 சதவீத மின்சாரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் செய்து தருகிறோம். உடனே அழையுங்கள்.” பெரும்பாலும் அவர் அழைப்பதில்லை. பொய் என்று தெரிந்து ஒதுக்குகிறார் என்றும் சொல்ல முடியாது. உண்மையா பொய்யா என்று சோதிக்க அதில் ஒரு பிடிமானமும் இல்லை. அதனால் விரல் அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறது.

இப்படி அனுப்புகிறவர்கள் எல்லோரும் கூசாமல் பொய் சொல்கிறவர்கள் இல்லை. பெரும்பாலும் நடுவில் உண்மையான ஒரு வேலை இருக்கும், உண்மையான ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை வாடிக்கையாளரின் மீட்டரிலிருந்து விற்பனைக் கடிதத்துக்குக் கொண்டு வரும் வழியில் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துவிடுகிறது. எந்த மின்சாரம், எந்த மாதம், வேறு என்ன மாறியது என்பதெல்லாம் போய் 22 மட்டும் மிஞ்சுகிறது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கீழே வரும் மில் நான் விளக்கத்துக்காகக் கட்டிய மில். எண்கள் இந்தத் தொழிலில் வரக்கூடிய அளவில் உள்ளவை.

நூற்பாலைக்குள் மின்சாரத்துக்கு அடுத்தபடியாக ஓடும் சக்தி காற்று. ஆட்டோகோனர் இயந்திரம் அறுந்த நூலை முடிச்சில்லாமல் ஒட்டுவது காற்றால்தான். பல இயந்திரங்களில் சிலிண்டர்களும் வால்வுகளும் காற்றில்தான் இயங்குகின்றன. ஒரு கம்ப்ரசர் அறையில் காற்றை 6, 7 பார் அழுத்தத்துக்கு அமுக்கி, குழாய் வழியாக மில் முழுக்க அனுப்புவார்கள். குழாய் பழசானால் இணைப்புகளில், ஹோஸ்களில், வால்வுகளில் கசியும். தண்ணீர் கசிந்தால் தரை நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். காற்று கசிந்தால் ஒரு சீறல் மட்டும் கேட்கும், ரிங் ஃபிரேம் இரைச்சலில் அதுவும் கேட்காது. கவனிக்காமல் விட்ட மில்களில் கம்ப்ரசர் தயாரிக்கும் காற்றில் 20, 30 சதவீதம் இப்படியே வெளியேறுவது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த விஷயம். அதைக் கண்டுபிடித்து அடைத்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் சிறு நிறுவனங்கள் உண்டு.

அப்படி ஒரு நிறுவனம், சுமார் 15,000 ஸ்பிண்டில் உள்ள ஒரு மில்லில் ஜூலை மாதம் வேலை செய்கிறது. கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் இருக்கிறது. ஜூனில் அந்த மீட்டர் 40,000 யூனிட் காட்டியது. ஆகஸ்டில் 31,200. குறைவு 8,800 யூனிட், அதாவது 22 சதவீதம். நிறுவனத்தை நடத்தும் இளைஞருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று மாலையே அடுத்த இருபது மில்களுக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். முதல் வரி: “22 சதவீத மின்சாரச் சேமிப்பு.”

முதல் சறுக்கல் இந்த வரியிலேயே நடந்துவிட்டது. 22 சதவீதம் குறைந்தது கம்ப்ரசரின் மின்சாரம். மில்லின் மின்சாரம் அல்ல. இந்த மில் மாதம் 4,00,000 யூனிட் எடுக்கிறது. நூற்பாலையில் மின்சாரத்தை அதிகம் குடிப்பது ரிங் ஃபிரேம். இங்கே கம்ப்ரசரின் பங்கு பத்தில் ஒன்று. 8,800 யூனிட்டை 4,00,000 யூனிட்டோடு ஒப்பிட்டால் 2.2 சதவீதம்தான் வருகிறது. கடிதத்தைப் படிக்கும் மேலாளர் ‘மின்சாரச் சேமிப்பு’ என்றதும் நினைப்பது மாதாமாதம் மின்வாரியத்துக்குக் கட்டும் பில்லைத்தான். எழுதியவர் ஒரு சொல்லை விட்டார், படித்தவர் மனத்தில் பலன் பத்து மடங்கு ஆகிவிட்டது. எழுதியவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாள் முழுக்கக் கம்ப்ரசர் அறையிலேயே இருப்பவருக்கு மின்சாரம் என்றால் கம்ப்ரசர் மின்சாரம்தான். அவர் கண்ணுக்கு இது பிழையாகவே தெரியாது. சதவீதம் சொல்லும்போது எதில் அத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

சரி, “கம்ப்ரசர் மின்சாரத்தில் 22 சதவீதம்” என்று திருத்தி எழுதிவிட்டார். கடிதம் ஒரு மில்லின் மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் கைக்குப் போகிறது. முப்பது வருடம் மில்லில் இருந்தவர். போனில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “எந்த மாசத்துக்கும் எந்த மாசத்துக்கும் கணக்குப் பார்த்தீங்க தம்பி?”

“ஜூனுக்கும் ஆகஸ்டுக்குமுங்க.”

“ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போன ஆளுக திரும்பி வந்தாங்களா?”

வரவில்லை. அங்கேதான் விஷயம். ஜூனில் மில் 30 நாளும் மூன்று ஷிஃப்ட் ஓடியது, 720 மணி நேரம். ஆகஸ்டில் ஆடிப் பதினெட்டுக்கு ஊர் போனவர்கள் சாவகாசமாகத் திரும்பியதால் 27 நாள்தான் ஓடியது, 648 மணி நேரம். நின்ற நாட்களில் கம்ப்ரசரும் நின்றுதான் இருந்தது. கசிவை யாரும் அடைக்காமல் விட்டிருந்தாலும் அந்த மாதம் மீட்டர் குறைவாகத்தான் காட்டியிருக்கும்.

அதனால் மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுவது இங்கே செல்லாது. மணி நேரத்தை மணி நேரத்தோடு ஒப்பிட வேண்டும். ஜூனில் 40,000 யூனிட்டை 720 மணியால் வகுத்தால் மணிக்கு 55.6 யூனிட். ஆகஸ்டில் 31,200 யூனிட்டை 648 மணியால் வகுத்தால் மணிக்கு 48.1 யூனிட். குறைந்தது மணிக்கு 7.4 யூனிட் சொச்சம், அதாவது 13 சதவீதம். மீதி 9 சதவீதத்தைக் கொடுத்தது ஆடி மாதம்.

இந்த 13 அவமானப்பட வேண்டிய எண் இல்லை. மாதம் 720 மணி நேரம் ஓடும் மில்லில் அது சுமார் 5,300 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 42,000 ரூபாய்க்கு மேல். ஹோஸையும் கிளாம்பையும் மாற்றி இவ்வளவு கிடைக்கிறது என்றால் எந்த மேலாளரும் நின்று கேட்பார். எண் சின்னதாகிவிட்டதே என்று இளைஞர் வருத்தப்பட்டால், அந்தப் பொறுப்பாளர் கேட்ட கேள்வியை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். 22 என்ற எண் அந்த ஒரு கேள்விக்குத் தாங்கவில்லை. 13 தாங்கும்.

ஆனால் 13 முழுவதும் நமதா? இங்கேதான் பலரும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். கம்ப்ரசர் அறைப் பதிவேட்டைப் புரட்டினால் இன்னொரு வரி இருக்கிறது. கசிவு அடைத்த அதே வாரத்தில் மில்லின் ஃபிட்டர் கம்ப்ரசர் அழுத்தத்தை 7 பாரிலிருந்து 6.5 பாருக்கு இறக்கியிருக்கிறார். அழுத்தத்தை 1 பார் குறைத்தால் கம்ப்ரசர் மின்சாரம் 6 முதல் 10 சதவீதம் குறையும் என்பது மின்சாரத் தணிக்கை செய்பவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. அரை பாருக்கு 3 முதல் 5 சதவீதம். ஆக 13 சதவீதத்தில் கால் பங்கோ, அதற்கு மேலோ அந்த ஃபிட்டர் திருகிய திருகில் வந்தது.

இளைஞர் இதற்குப் பதில் சொல்லலாம். கசிவு அடைபட்டதால்தான் கடைசி இயந்திரம் வரை அழுத்தம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அதனால்தான் ஃபிட்டரால் இறக்க முடிந்தது என்பார். நியாயமான வாதம்தான், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை யாரும் அளக்கவில்லை. அளக்காததைப் பிரித்துப் பங்கு போட முடியாது. கடிதத்தில் எழுதக் கூடியது இவ்வளவுதான்: கசிவு அடைத்ததும் அழுத்தம் குறைத்ததும் சேர்ந்து 13 சதவீதம். இப்படி எழுதினால் கௌரவம் குறையும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிக்கும் மேலாளர் இந்த வரியைப் பார்த்ததும், ‘இவன் பதிவேட்டைப் பார்த்திருக்கிறான்’ என்றுதான் நினைப்பார்.

கசிவு அடைத்ததன் பலனை மட்டும் தனியாகக் காட்ட ஒரு வழி உண்டு. அதற்குச் செலவில்லை, பொறுமை வேண்டும். வார விடுமுறையில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, காற்றுக் குழாய் வால்வுகளைத் திறந்தபடியே வைத்து, கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தாததால், கம்ப்ரசர் லோடு ஏறுவதெல்லாம் கசிவை நிரப்பத்தான். அழுத்தம் நிறைந்ததும் அன்லோடு ஆகும், கசிந்து இறங்கியதும் மறுபடி லோடு ஏறும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு லோடில் எத்தனை விநாடி, அன்லோடில் எத்தனை விநாடி என்று நாலைந்து சுற்றுக்குக் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவு எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். நம் மில்லில் வேலைக்கு முன் லோடு 36 விநாடி, அன்லோடு 84 விநாடி. 36-ஐ 120-ஆல் வகுத்தால் 30 சதவீதம். வேலைக்குப் பின் லோடு 24, அன்லோடு 96. அதாவது 20 சதவீதம்.

கம்ப்ரசர் திறனில் 30 சதவீதமாக இருந்த கசிவு 20 ஆனது என்பதுதான் இந்த இளைஞரின் கையிலிருக்கும் மிகச் சுத்தமான எண். ஆடி மாதம் இதைத் தொடாது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இது மாறாது. இரண்டு சோதனையையும் ஒரே அழுத்தத்தில் செய்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அழுத்தத்தை இறக்கினால் கசிவும் தானாகவே சற்றுக் குறையும். ஃபிட்டர் திருகுவதற்கு முன்பே இரண்டாவது சோதனையை முடித்திருந்தால் வம்பே இல்லை. வேலை முடிந்த பிறகு ஆதாரம் தேட ஆரம்பித்தால் இந்த மாதிரி எண் கிடைக்காது. வேலை தொடங்கும் முன்பே, எதை அளப்பது, எப்போது அளப்பது என்று வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டால்தான் கிடைக்கும். முந்தைய நிலையை யாரும் அளக்காமல் விட்ட வேலையில் சேமிப்பு இவ்வளவு என்று சொல்லவே முடியாது. வேலை செய்து கொடுத்தோம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது வாடிக்கையாளரின் வாய்ச்சொல். மில் முதலாளி ஒரு நாள் போனில், “நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் யூகேஜி நல்லாக் குறைஞ்சிருக்குதுங்க” என்கிறார். யூகேஜி என்பது ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட். நூற்பாலைக்காரர்களுக்கு ரத்த அழுத்தம் மாதிரி, தினமும் பார்க்கும் எண். கேட்ட இளைஞருக்குக் கை பரபரக்கும். முதலாளியே சொல்லிவிட்டார், அவர் சொன்னதை அப்படியே போட்டால் என்ன தப்பு?

தப்பு இருக்கிறது. அந்த மில் ஜூனில் 60-ஆம் நம்பர் நூலும், ஆகஸ்டில் ஆர்டர் மாறி 40-ஆம் நம்பர் நூலும் ஓட்டியிருந்தால் யூகேஜி தானாகவே இறங்கும். மெல்லிய நூலுக்குக் கிலோவுக்கு அதிக மின்சாரம் பிடிக்கும், தடித்த நூலுக்குக் குறைவாகப் பிடிக்கும். அதற்காகத்தான் மில்களில் எல்லா நம்பரையும் 40-க்கு மாற்றிக் கணக்கிட்டு ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. முதலாளி அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசவில்லை. மனசு நிறைந்து பேசினார். அவர் மனநிறைவு உண்மை, அவர் சொன்ன காரணம் உண்மை என்று நமக்குத் தெரியாது. “சொன்ன தேதியில் வந்தார்கள், உற்பத்தியை நிறுத்தாமல் வேலையை முடித்தார்கள்” என்று அவர் சொன்னால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், அது அவர் கண்ணால் கண்டது. மின்சாரம் எவ்வளவு குறைந்தது என்பது அவர் வாயால் வந்தாலும் மீட்டரில்தான் நிரூபணமாக வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விளம்பரதாரர்களுக்கு வைத்திருக்கும் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. நீங்களே நேரடியாகச் சொன்னால் நிரூபிக்க முடியாத ஒன்றை, வாடிக்கையாளர் வாய்வழியாகவும் சொல்லக் கூடாது.

அந்த வழிகாட்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2009 வரை அமெரிக்காவில் ஒரு வசதி இருந்தது. உடம்பில் பாதியைக் குறைத்த ஒருவரின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் ‘எல்லோருக்கும் இந்தப் பலன் கிடைக்காது’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். 2009-இல் அந்தப் பாதுகாப்பை ஆணையம் நீக்கிவிட்டது. அபூர்வமான பலனைக் காட்டினால், சாதாரணமாக என்ன பலன் கிடைக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது.

‘வரை’ என்ற சொல்லும் இதே ஜாதிதான். “30 சதவீதம் வரை சேமிப்பு” என்பதில் பூஜ்யமும் அடங்கும், அதனால் அது பொய்யாகவே முடியாது என்று எழுதுகிறவர் நினைக்கிறார். 2012-இல் அதே ஆணையம் அமெரிக்காவில் ஐந்து ஜன்னல் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. எங்கள் ஜன்னலை மாட்டினால் வீட்டின் மின்சார, வெப்பச் செலவு இவ்வளவு சதவீதம் வரை குறையும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததுதான் குற்றச்சாட்டு. கூடவே ஒரு ஆய்வையும் வெளியிட்டது. “47 சதவீதம் வரை” என்று எழுதியிருந்தாலும், படிப்பவர்களில் பலர் தங்களுக்கு 47 சதவீதமே கிடைக்கும் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. கடிதத்தில் ‘வரை’ போடுகிறவர்களுக்கும் அது தெரியும் என்பது என் எண்ணம். தெரியாவிட்டால் எல்லோரும் ஏன் அதையே போடப் போகிறார்கள்?

நம் ஊரில் இந்த விவகாரம் பளிச்சென்று வெளிச்சத்துக்கு வந்தது ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களின் விளம்பரங்களில். தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழைப் பிரித்தால் ஒரே மாணவரின் படம் நாலைந்து மையங்களின் விளம்பரத்தில் சிரிக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது வெளிவந்த விஷயம் எளிமையானது. படத்தில் இருந்த பலர் அந்த மையத்தில் இலவசமாக நடந்த நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் போனவர்கள். முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் அவர்கள் ஏற்கெனவே தாண்டியிருந்தார்கள். மாணவர் உண்மை, ரேங்க் உண்மை, மையத்துக்குப் போனதும் உண்மை. எந்த வகுப்புக்குப் போனார் என்ற ஒரு விவரத்தை மட்டும் மறைத்திருந்தார்கள், மூன்று லட்சம் கட்டி முழு வகுப்பில் சேர வந்த பையன் அதனால்தான் ஏமாந்தான். பல மையங்களுக்கு அபராதம் விழுந்தது. 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே தனி வழிகாட்டு விதிகள் வந்தன. வெற்றி பெற்றவர் படத்தைப் போட்டால் அவர் என்ன படிப்பு, எவ்வளவு காலம், பணம் கட்டியா இலவசமாகவா என்பதையும் போட வேண்டும். அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், அதையும் தேர்ச்சிக்குப் பிறகுதான் வாங்க வேண்டும். சேரும்போதே விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் தந்திரத்துக்கு அது வைத்த பூட்டு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். (இங்கே ‘வரை’ சட்டத்திலேயே இருக்கிறது, நான் சேர்த்தது அல்ல.) இது பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் நுகர்வோரைக் காக்கும் சட்டம். மில்லுக்கும் கசிவு அடைப்பவருக்கும் இடையே வேறொரு பழைய சட்டம் நிற்கிறது, 1872-இன் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 18-ஆம் பிரிவைச் சிறு தொழில் செய்பவர்கள் ஒரு முறையாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உண்மையல்லாத ஒன்றை, அது உண்மை என்று மனதார நம்பியே சொல்லியிருந்தாலும், அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்குக் கையில் தகவல் இல்லாமல் சொல்லியிருந்தால் அது தவறான கூற்று. அதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய 19-ஆம் பிரிவு வழி விடுகிறது. சாதாரண கவனம் எடுத்திருந்தாலே அவர் உண்மையைக் கண்டுபிடித்திருக்கலாம் என்றால் அந்த வழி அடைபடலாம் என்பது வேறு. ஆனால் “நான் நம்பித்தான் சொன்னேன்” என்பது மட்டும் காப்பாற்றாது.

சம்மதம் என்று வந்ததால் அதையும் பேசிவிடலாம். மில் பெயரைப் போடலாமா என்று முதலாளியிடம் கேட்டால், “அதுக்கென்ன, போட்டுக்குங்க” என்பார். அந்த நல்ல மனதை நம்பி அவர் பெயரைப் போட்டு இருபது மில்லுக்கு அனுப்பினால், மூன்றாம் நாள் அவரே கோபமாகக் கூப்பிடுவார். அவர் மில்லில் 30 சதவீதக் காற்று கசிந்துகொண்டிருந்தது என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே! நமக்குச் சாதனையாகத் தெரியும் எண்ணின் மறுபக்கம் வாடிக்கையாளரின் பலவீனம். அதனால் பொதுவாகச் சம்மதம் கேட்பதில் பயனில்லை. எழுதிய வரியை எண்ணோடு அப்படியே அவருக்கு அனுப்பி, யார் யாருக்குப் போகப்போகிறது என்றும் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த “சரி” கூடப் போதும், எந்த வரிக்குச் ‘சரி’ சொன்னார் என்பது அதே உரையாடலில் தெரிகிற மாதிரி இருந்தால்.

பெயர் வேண்டாம் என்றால் மறைத்துவிடலாம். ஆனால் பெயரை மட்டும் எடுத்துவிட்டு “உடுமலை அருகே, விசைத்தறிக்குப் பெயர்போன ஊரில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு எதிரே உள்ள மில்” என்று எழுதுவது மறைப்பதாகாது. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஸ்பிண்டில் எண்ணிக்கையைச் சுமாராகச் சொல்லி, ஊரை விட்டுவிடுவது நல்லது. முதலாளிக்கு இந்தப் பாராட்டுக்காகக் கூலியில் தள்ளுபடி கொடுத்திருந்தால் அதையும் கடிதத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால் பாராட்டைப் போடாமல் விட்டுவிடலாம், எண்ணே போதும்.

இத்தனையும் கழித்த பிறகு கடிதத்தில் என்னதான் மிஞ்சும் என்று கேட்கலாம். இவ்வளவு மிஞ்சும்:

“வணக்கம். நாங்கள் கம்ப்ரசர் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கும் வேலை செய்கிறோம். சென்ற ஜூலையில் சுமார் 15,000 ஸ்பிண்டில் உள்ள ஒரு நூற்பாலையில் வேலை செய்தோம். அங்கே கசிவு கம்ப்ரசர் திறனில் 30 சதவீதமாக இருந்தது, 20 ஆகக் குறைந்தது. அதே சமயத்தில் மில்காரர்கள் அழுத்தத்தையும் 7 பாரிலிருந்து 6.5 ஆக இறக்கினார்கள். இரண்டும் சேர்ந்து, கம்ப்ரசர் ஒரு மணி நேரத்துக்கு எடுக்கும் மின்சாரம் 55.6 யூனிட்டிலிருந்து 48.1 யூனிட் ஆனது, சுமார் 13 சதவீதக் குறைவு. மில்லின் மொத்த மின்சாரத்தில் இது 1.3 சதவீதம் அளவு. வேலைக்கு முன் ஒரு மாதம், பின் ஒரு மாதம் மீட்டர் பார்த்த கணக்கு இது. அந்த மில்லின் குழாய்கள் பழையவை. உங்கள் மில்லில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. விடுமுறை நாளில் லோடு, அன்லோடு நேரம் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும். உங்கள் ஃபிட்டரே பார்க்கலாம், முறையை எழுதி அனுப்புகிறோம். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் எங்கள் வேலை உங்களுக்குத் தேவைப்படாது.”

கடைசி வரியைப் பார்த்து விற்பனைக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். வேலை வேண்டாம் என்று நாமே சொல்வதா? ஆனால் அந்த வரி கடிதத்துக்கு ஒரு முக்கியமான காரியம் செய்கிறது. ஒரு மில்லில் கிடைத்த பலன் இன்னொரு மில்லில் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போன வருடம் புதுக் குழாய் போட்ட மில்லில் அடைக்கவே கசிவு இருக்காது. ஒரு வாடிக்கையாளரின் பலனால் நிரூபிக்க முடிந்தது ஒன்றுதான்: இந்த நிலையில் இருந்த ஒரு இடத்தில், இந்த வேலை செய்தபோது, இவ்வளவு மாறியது. ‘இந்த நிலை’ என்ன என்று சொல்லிவிட்டால், படிப்பவர் தன் மில் அப்படி இருக்கிறதா என்று தானே ஒப்பிட்டுக்கொள்வார். அதோடு அரை மணிச் சோதனையையும் கொடுத்துவிட்டதால், நாம் சொல்வதை அவர் நம்பத் தேவையே இல்லை. தன் கடிகாரத்தை நம்பினால் போதும். கூப்பிடுகிற மில்லில் கசிவு இருப்பது உறுதியாகிவிடும், வீணாக டீசல் செலவழித்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் மிச்சம்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கசிவு திரும்ப வரும். ஹோஸ் தேயும், கிளாம்ப் தளரும், புது ஃபிட்டர் டெஃப்லான் டேப் சுற்றாமல் நிப்பிளை மாட்டிவிடுவார். ஆகஸ்டில் 20 சதவீதமாக இருந்த கசிவு, யாரும் கவனிக்காவிட்டால் அடுத்த கோடையில் 28 ஆகவும் இருக்கலாம். அப்போதும் பழைய கடிதத்தையே அனுப்பிக்கொண்டிருந்தால், அதில் உள்ள எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் படிப்பவருக்குத் தவறான எண்ணம்தான் போய்ச் சேரும். ஒரு மாதக் கணக்கு என்று கடிதத்திலேயே எழுதியிருப்பது இதற்காகத்தான். ஆறு மாதம் கழித்து அதே மில்லுக்குப் போய் அதே சோதனையை மறுபடி செய்து, வந்த எண்ணையும் சேர்த்து எழுதுவது இன்னும் நல்லது. எண் கூடியிருந்தால் அதையும் எழுதலாம். வருடாந்தரப் பராமரிப்பு ஏன் தேவை என்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

உங்கள் தொழில் கசிவு அடைப்பதாக இருக்க வேண்டியதில்லை. டியூஷன் நடத்தலாம், சோலார் மாட்டலாம், சொட்டுநீர்க் குழாய் போடலாம், கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கலாம். அடுத்த கடிதம் அனுப்பும் முன் ஒரு கோப்பைத் திறந்து, வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு, இடையில் வேறு என்ன மாறியது என்ற குறிப்பு, வாடிக்கையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் அந்த எண்ணை எடுத்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.